தொடர்நாடகத்தின் முகப்புப் பாடல்



தொலைக்காட்சித் தொடர்நாடகம் ஒன்று தொடங்குமுன் நாள்தோறும் ஒலிக்கும் பாடலை முகப்புப் பாடல் என்கிறோம். இளையோர் அதனை 'டைட்டில் பாட்டு' என்பர். திரைப்படப் பாடல்களைப் பற்றிப் பேசுவோர் பலர். இச்சிறு பாடல் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் இதனை எழுதும் புலவருக்குத் திரைப்படப் பாடலாசிரியருக்கு இல்லாத இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. அவற்றை அவர் எங்ஙனம் கடக்கிறார் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனக் கடலோரமாக அடுத்தடுத்து அமைந்த எங்கள் ஊர்களில் வீடுகள் நெருக்கமானவை. ஒரு வீட்டின் ஓசை அடுத்த வீட்டுக்கும் கேட்கும். மாலை வேளையில் தமிழகத்துத் தொடரொன்று தொடங்கும்போது, பார்க்க வேண்டியவர் பெரும்பாலும் பெட்டியின் முன்னே இருப்பதில்லை. அவர் அடுக்களையில் இருப்பார், அல்லது கிணற்றடியில் இருப்பார். பாட்டின் முதற் சொல் காதில் விழுந்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு வருவார். திரையின் முன்னே அமர்ந்திருப்பவரும் பாட்டு ஒலிக்கும்போது நடிகர் பெயர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய கண்ணுக்கு வேறு வேலை இருக்கின்றது. எனவே, காட்சிக்குரிய கருவியில் ஒலித்தாலும் இப்பாடல் காதுக்காக மட்டுமே எழுதப்படுவது. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' போன்ற தொடர்நாடகங்களை இலங்கை வானொலியிற் கேட்ட தலைமுறையினருக்கு இது புதிதன்று. வானொலி செய்த வேலையைத் தொலைக்காட்சி இந்த ஒரு நிமிடத்தில் மட்டும் செய்கின்றது.

இனி, அவ்விரு இடர்ப்பாடுகளைக் கூறுவேன்.

முதலாவது, திரும்பத் திரும்ப ஒலித்தல். தூர்தர்ஷன் காலத்தில் தமிழ்த் தொடர்கள் பல வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் 13 வாரங்களே ஒளிபரப்பாயின. கே. பாலசந்தர் இயக்கிய 'ரயில் சிநேகம்' அக்காலத்தது. வைரமுத்து எழுதி வி. எஸ். நரசிம்மன் இசையமைத்த அதன் பாடல்கள் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. பின்னர் நாள்தோறும் வரும் நெடுந்தொடர்கள் எழுந்தன. சன் தொலைக்காட்சியில் 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான 'கோலங்கள்' 1,500 பகுதிகளையும் கடந்தது. ஒரு நிமிடப் பாடலொன்று 1,500 முறை ஒலிக்குமாயின், ஒரே மனிதர் அதே பாடலை மொத்தம் 25 மணி நேரம் கேட்டிருப்பார் என்பது கணக்கு. எத்தனை இனிய கவிதையையும் நாம் அத்தனை முறை படித்ததில்லை. முதல் நாளில் வியப்பூட்டும் உவமை நாற்பதாம் நாளில் சலித்துவிடும். ஆகவே, வியப்பை நம்பி இப்பாடலை எழுத இயலாது.

இரண்டாவது இடர்ப்பாடு இன்னும் கடினமானது. பாடலை எழுதும் வேளையில் கதை முடிந்திருப்பதில்லை. இயக்குநர் தொடக்கத்தைச் சொல்வார், நடுவில் வரக்கூடிய சில திருப்பங்களைச் சொல்வார். முடிவு அவருக்கே தெரியாதிருக்கலாம். பார்ப்போர் விருப்பத்தைப் பொறுத்துக் கதை நீளும். நடிகர் ஒருவர் விலகினால் அந்தப் பாத்திரம் ஊரைவிட்டுப் போகும் அல்லது இறந்துபோகும். முதல் மாதத்தில் கன்னியாக இருந்தவள் மூன்றாம் ஆண்டில் தாயாக இருப்பாள். இத்தனை மாற்றத்துக்கும் அதே பாட்டுத்தான் முன்னே நின்று கதவு திறக்க வேண்டும்.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் ஒரு விதி தானாகவே பெறப்படும். முகப்புப் பாடல் கதையின் நிகழ்ச்சிகளைச் சொல்லலாகாது. கதையின் அடியில் கிடக்கும் கேள்வியைச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி பழையதாகும். கேள்வியோ கதை முடியுமட்டும் பழையதாகாது.

இதனை இரண்டு எடுத்துக்காட்டுகளாற் காண்போம்.

ராதிகா நடித்த 'சித்தி' என்னும் தொடர் 1999 டிசம்பரில் சன் தொலைக்காட்சியிலே தொடங்கி, 2001 வரை ஏறத்தாழ இரண்டாண்டுகள் நடந்தது. அதன் முகப்புப் பாடலை வைரமுத்து எழுதினார். தினா இசையமைத்தார். நித்யஸ்ரீ மகாதேவன் பாடினார். சித்தி என்பது தாயின் தங்கையையும் குறிக்கும், தந்தையின் இரண்டாம் மனைவியையும் குறிக்கும். தாயின் தங்கையை எங்கள் ஊரில் சாச்சி என்போம், யாழ்ப்பாணத்தார் சின்னம்மா என்பர். எந்தச் சொல்லாயினும் அது மாற்றாந்தாயைக் குறிக்கும்போது கேட்பவர் மனத்தில் ஒரு கொடுமைக்காரி தோன்றிவிடுகிறாள். நம் பாட்டிக் கதைகள் அப்படிப் பழக்கியிருக்கின்றன. அந்தத் தொடரோ அந்த எண்ணத்துக்கு மாறானது.

இங்கே பாடலாசிரியருக்கு எளிய வழி ஒன்று இருந்தது. 'இவள் நல்லவள், பிறர் பெற்ற பிள்ளையையும் தன் பிள்ளையாகக் காப்பவள்' என்று பாடிவிடலாம். அவர் அதனைச் செய்யவில்லை. ஒரு பெண்ணை அன்போடு விளிக்கும் சொல் பாட்டின் தொடக்கத்திலேயே இருமுறை ஒலிக்கின்றது. அம்மா என்ற விளி அடியின் இறுதியில் வந்து அமைகின்றது. பாடலிற் பேசுபவர் கதை சொல்லியாக நிற்கவில்லை. அருகில் அமர்ந்து ஆறுதல் சொல்பவராக இருக்கின்றார். விளிக்கப்படுபவள் கதைத் தலைவியா, கேட்டுக்கொண்டிருக்கும் இல்லத்தரசியா என்பது பிரித்தறிய இயலாதபடி இருக்கின்றது. பாட்டின் வலிமை இந்த இடத்திலேதான். அடுக்களையில் நிற்பவள் தன்னையே யாரோ அழைத்தார் என்று திரும்புகிறாள். கதையின் மனநிலையாகிய ஆறுதல் வேண்டும் துயரம், ஒரு நிகழ்ச்சியும் சொல்லப்படாமலே அவளிடம் வந்து சேர்ந்துவிடுகின்றது.

இன்னொன்று, திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி'. இது 2002 முதல் 2005 வரை நடந்தது. ஒரு தந்தைக்கு ஐந்து பெண்மக்கள். அவர்களை மணம் செய்து கொடுத்த பின்னும் ஓயாத அவருடைய கவலையே கதை. தலைப்பிலுள்ள மெட்டி, திருமணத்தின்போது பெண்ணின் கால்விரலில் அணிவிக்கப்படுவது. பாடல் மெட்டியிலிருந்து தொடங்கவில்லை. அம்மி மிதிக்கும் சடங்கிலிருந்து தொடங்கி, அம்மி என்ற சொல்லையே அடுக்கிச் செல்கின்றது. பெண்ணின் கால் அம்மியின்மேல் வைக்கப்படும் வேளையிலேதான் மெட்டி அணிவிக்கப்படுகின்றது. ஆதலால் அம்மியைச் சொன்னால் மெட்டி தானே நினைவுக்கு வரும். தலைப்பு ஒன்றைச் சொல்ல, பாட்டு அதன் முந்திய கணத்தைச் சொல்கின்றது. எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அம்மி மிதிக்கும் சடங்கு இல்லை. எனினும் அம்மி இல்லாத பழைய அடுக்களையும் இல்லை. கல்லின் கனத்தைக் கையாலறிந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சொல்லின் கனம் புரியும். ஐந்து பெண்களின் பெயரும் பாட்டில் வரவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று.

இவ்விரு பாடல்களிலும் பொதுவான செயல்முறை ஒன்று உண்டு. முதலில் வருவது பெரும்பாலும் மெட்டு. இசையமைப்பாளர் 'தானே தானே தனனானா' என்பது போன்ற தத்தகாரத்தைக் கொடுப்பார். அதிலே சொல்லை நிரப்புவது புலவர் வேலை. நெடில் வரவேண்டிய இடத்திற் குறிலை வைத்தால் பாடுபவர் அதனை இழுத்து நீட்ட, சொல் சிதையும். நீண்டு ஒலிக்கும் இடத்தில் ஆ, ஏ, ஓ போன்ற திறந்த ஓசைகள் அமைந்தால் சுவருக்கு அப்பாலும் சொல் தெளிவாகக் கேட்கும். மெய்யெழுத்து நெருங்கிய சொற்கள் அங்கே அமைந்தால் இரைச்சல் மட்டுமே போய்ச் சேரும்.

அதே மெட்டுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கின்றது. கதையில் துயரமான காட்சி வரும்போது அம்மெட்டையே புல்லாங்குழலிலோ வயலினிலோ மெதுவாக வாசிப்பார்கள். சொல் அங்கே இராது. ஆயினும் கேட்பவர் மனம் அந்தச் சொல்லைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே, முதலடியின் சொல் விரைவாகப் பாடும்போது மகிழ்வுக்கும், மெதுவாக நினைக்கும்போது துயருக்கும் இடங்கொடுக்க வேண்டும். ஒரே உணர்ச்சியில் இறுகிப்போன சொல் இதற்கு உதவாது.

இந்தச் செய்திகளை மாணவர்க்கு விளக்க எண்ணி, எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். கற்பனைத் தொடர் ஒன்று. தலைப்பு 'ஊடும் பாவும்'. கதை மருதமுனையில் நிகழ்வது. மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன ஊர் என்பதை நேயர்கள் அறிவீர்கள். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கணவனை இழந்த ஒரு பெண், தறியில் அமர்ந்து இரண்டு பெண்மக்களை வளர்க்கிறாள். இத்தொடருக்கு முகப்புப் பாடல் எழுத வேண்டும்.

மாணவர்கள் முதலில் எழுதிய அடிகள் இவை:

அலைவந்து கொண்டுபோன அன்புக் கணவன்
தறிமுன்னே தனித்திருக்கும் தாயின் கதை
இருமகளைக் கரைசேர்க்க ஏங்கும் கதை

செய்தி தெளிவாக இருக்கின்றது. அதுவே குறை. முதற் பகுதியைப் பார்த்தவருக்கு இம்மூன்று அடிகளிலும் தெரியாதது ஒன்றுமில்லை. மூத்த மகள் மணமாகிப் போனதும் மூன்றாம் அடி பொய்யாகிவிடும். 'கதை, கதை' என்று சொல்லும்போது பாடுபவர் வெளியே நின்று விரலால் சுட்டுகிறார். உள்ளே வரவில்லை.

இவற்றையெல்லாம் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு மாணவி எழுந்து, "சேர், அலை என்ற சொல்லை எடுத்துவிடுவோம். எங்கள் உம்மம்மா அதைக் கேட்டால் பெட்டியை நிறுத்திவிடுவார்" என்றாள். வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. இந்த நாட்டில் ஆழிப்பேரலையால் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அங்கே கடலோரத்து வீடொன்றில் அந்தச் சொல் நாள்தோறும் இசையோடு ஒலிப்பது என்றால் என்ன பொருள்? நாடகத்தினுள் ஒரு காட்சியில் அது வந்தால் கேட்பவர் அழுவார், அழுது ஆறுவார். முகப்புப் பாடலில் அது நாள் தவறாமல் வரும். புண்ணுள்ளவரை அது நாள்தோறும் கீறும். புண்ணில்லாதவர்க்கு அது சில வாரங்களில் வெறும் ஓசையாகித் தேய்ந்துவிடும். இரண்டும் தீங்கே. துயரத்தின் பெயரைச் சொல்லாமல் துயரத்தை உணர்த்துவது கவிதையழகு என்று நாம் வகுப்பிற் கற்பிக்கிறோம். நெடுநாள் ஒலிக்கும் பாட்டில் அது அழகு மட்டுமன்று, கேட்பவருக்குச் செய்யும் கடமையுமாகும்.

அலையை நீக்கிய பின் எஞ்சியது தறி. மாணவர் சிலர் தறிக்காரர் வீடுகளைச் சேர்ந்தவர்கள். பாவிழை அறுந்தால் நெய்பவர் தறியை நிறுத்தி அதனை முடிந்துவிட்டுத்தான் தொடர்வார் என்று அவர்கள் கூறினர். முடிந்து என்ற அந்தச் சொல்லிலே பாட்டு கிடைத்தது. பல நாள் திருத்தத்தின் பின் உருவான அடிகள் இவை:

நூலே நூலே அறுந்தாயோ
காலை வரைக்கும் பொறுப்பாயோ
சேலை முடியும் முன்னாலே
நானே முடிந்து விடுவேனோ

இப்போது இதனைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். அடிக்கு மூன்று சீர். தறியின் மிதியும் நாடாவின் ஓட்டமும் போல ஓசை சென்று திரும்புகின்றது. நூலே, காலை, சேலை என்று முதல் மூன்று அடிகளுக்கும் எதுகை உண்டு. நான்காம் அடியில் எதுகை வேண்டுமென்றே விடப்பட்டது. மூன்று முறை ஒத்த ஓசையைக் கேட்ட காது நான்காவதையும் எதிர்பார்க்கும். அது வராதபோது அந்த அடி தனித்து நிற்கும். சொல்ல வந்த பொருளும் அங்கேதான் இருக்கின்றது. ஆயினும் பாட்டு குலையாதபடி 'நூலே' என்ற முதற் சொல்லையும் 'நானே' என்ற கடைசி அடியின் முதற் சொல்லையும் மோனை கட்டி வைக்கின்றது.

விளி இங்கே நூலை நோக்கியது. கணவன் பெயரோ மக்கள் பெயரோ இல்லை. நூல் என்பது உறவாகலாம், உயிராகலாம், ஒரு மகளாகலாம். கதை எந்தப் பக்கம் திரும்பினும் அந்த வாரத்தில் எது அறுகின்றதோ அதுவே நூல். மூத்தவள் சண்டையிட்டுப் பிரிந்த வாரத்தில் கேட்பவர் அவளை நினைப்பார். தாய் நோயுற்ற வாரத்தில் தாயின் உயிரை நினைப்பார். பாட்டின் பொருளைப் புதுப்பிக்கும் வேலையைக் கதையே செய்துகொள்கின்றது.

கடைசி அடியில் 'முடிந்து விடுவேனோ' என்பதற்கு இரண்டு பொருள். நானே அழிந்துபோவேனோ என்பது ஒன்று. அறுந்ததை நானே முடிச்சிட்டுச் சேர்த்துவிடுவேனோ என்பது மற்றொன்று. முதல் நாளில் கேட்பவர் முதற் பொருளையே கொள்வார். அவள் தறியில் இழை முடியும் காட்சியைப் பலமுறை கண்டபின் இரண்டாவது பொருள் மெல்ல எழும். நீண்ட நாள் ஓடும் பாட்டுக்கு இத்தகைய சொல்லே தேவை. உவமை முதல் நாளிலேயே தன் கையிலுள்ளதைக் காட்டிவிடுகின்றது. இருபொருட்சொல்லோ தன் இரண்டாவது பொருளைச் சேமித்து வைத்திருக்கின்றது.

எழுதிய பின் மூன்று சோதனைகள் செய்தோம். வகுப்பறைக் கதவை மூடி உள்ளே ஒருவர் பாட, வெளியே நின்றவர் கேட்ட சொற்களை எழுதினர். 'நூலே' தவறாமற் கேட்டது. 'பொறுப்பாயோ' சிலருக்குத் தெளிவாகவில்லை. ஆயினும் பொருள் கெடவில்லை. அடுத்து, சொல்லின்றி மெட்டை மட்டும் மிக மெதுவாக முனகச் செய்தோம். கேட்டவர் முதலடியைத் தாமே சொன்னார்கள். மூன்றாவதாக, கதையில் மகிழ்ச்சியான நாளொன்றைக் கற்பனை செய்து, திருமணப் பகுதிக்கு முன் இப்பாட்டைப் பாடலாமா என்று கேட்டோம். பாடலாம் என்றே பெரும்பாலோர் கூறினர். மகிழ்ச்சியிலும் அறுந்துவிடுமோ என்ற அச்சம் உண்டல்லவா? முதல் வரைவு இந்த மூன்றாம் சோதனையில் ஒரு கணமும் நின்றிராது.

தொடர் முடியும் நாளில் என் செய்வது என்று ஒரு மாணவர் கேட்டார். விடை இலக்கணத்தில் இருக்கின்றது. 'விடுவேனோ' என்பதிலுள்ள ஓகாரம் ஐயத்தைக் குறிப்பது. அதனை நீக்கி ஏகாரத்தை வைத்தால் 'நானே முடிந்து விடுவேனே' என்றாகும். ஏகாரம் தேற்றத்தைத் தருவது. நான் முடிச்சிட்டுவிடுவேன் என்னும் உறுதி அது. பல நூறு நாள் ஐயமாகக் கேட்ட அடி, கடைசி நாளில் ஓரெழுத்து மாறி உறுதியாக ஒலிக்கும்போது, அந்த மாற்றத்தைக் கவனியாத காது இராது. முந்திய நாட்கள் அத்தனையும் அந்த ஓரெழுத்துக்காகக் காத்திருந்தன போல் தோன்றும்.

எல்லாத் தொடருக்கும் இம்முறை பொருந்துமா எனில், பொருந்தாது. நகைச்சுவைத் தொடருக்குக் கேள்வியைவிடத் துள்ளலே முதன்மை. மர்மத் தொடருக்குச் சொற்களே வேண்டாம், இசைக்கருவி மட்டும் போதும் என்போரும் உளர். இன்னொரு வரம்பும் இன்று நேர்ந்திருக்கின்றது. பல தொடர்களில் முழுப் பாட்டு சுருங்கிச் சில நொடிகளாகிவிட்டது. கைத்தொலைபேசியிற் பார்ப்பவர் முகப்பையே தாண்டிச் செல்கிறார். நான்கு அடிகளில் மூன்று வெட்டுண்டு போகலாம். ஆகவே, இன்று எழுதுபவர் முதலடியில் மட்டும் பாட்டு முழுவதும் அடங்குமாறு எழுத வேண்டியவராகிறார். மாணவர்களின் பாட்டில் 'நூலே நூலே அறுந்தாயோ' என்ற அடி தனித்து ஒலித்தாலும் கேள்வி குறையாமல் நிற்கும். இருபொருள் மட்டும் இழந்துபோகும்.

நேயர்களே, இன்று மாலை உங்கள் வீட்டில் ஏதேனும் ஒரு தொடர் தொடங்கும்போது திரையைப் பாராமல் அப்பாட்டை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அது நடந்ததைச் சொல்கின்றதா, நடக்கப்போவதைக் கேட்கின்றதா என்று நோக்குங்கள். யாரை விளிக்கின்றது என்று நோக்குங்கள். அடுத்த ஆண்டும் அந்தப் பாட்டு உங்கள் வாயில் இருக்குமா என்பதை அப்பொழுதே நீங்கள் சொல்லிவிடலாம்.